ரீஃபண்ட் டிக்கெட்டில் தங்கிவிடும் கார்டு எண்

2025 ஆகஸ்ட்டில் கிளவுட்ஃபிளேர் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் டிக்கெட்டுகளைச் சிலர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நிறுவனத்தின் சொந்த கணினிகளுக்குள் அவர்கள் நுழையவில்லை. டிக்கெட்டுகள் இருந்தது சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற மென்பொருளில். அதோடு சேல்ஸ்லாஃப்ட் டிரிஃப்ட் என்ற இன்னொரு நிறுவனத்தின் அரட்டைச் சேவை இணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சேவையின் சாவிகள் திருடு போயின. அந்த வழியாக நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்குகள் திறந்துகொண்டன.

திருடர்களுக்குக் கிடைத்தது டிக்கெட்டுகளில் எழுதப்பட்டிருந்த எழுத்துகள்தான். இணைப்புக் கோப்புகள்கூட இல்லை. ஆனால் அந்த எழுத்துகளுக்குள் கடவுச்சொற்கள், அணுகல் சாவிகள் போன்றவற்றைத் தேடத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். கிளவுட்ஃபிளேர் தானும் அதேபோலத் தேடிப் பார்த்தபோது, தன் சேவையைத் திறக்கும் 104 டோக்கன்கள் டிக்கெட்டுகளுக்குள் கிடந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, செப்டம்பர் 2 அன்று வெளிப்படையாக அறிவித்தது. டிக்கெட் வழியாக எங்களிடம் எந்த ரகசியத்தைப் பகிர்ந்திருந்தாலும் அது வெளியே போய்விட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லவும் செய்தது.

கேட்டால் எங்கோ நடந்த தொழில்நுட்பச் சங்கதி போலத் தோன்றும். ஆனால் அந்த டோக்கன்கள் டிக்கெட்டுக்குள் போன வழி நம் ஊர் கஸ்டமர் கேரில் தினமும் நடப்பதுதான். யாரோ ஒருவர் தன் பிரச்சினை சீக்கிரம் தீரட்டும் என்று ஒன்றை ஒட்டி அனுப்பியிருப்பார். அல்லது பணியாளர் ஒருவர், அடுத்து பார்ப்பவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று குறிப்பில் எழுதி வைத்திருப்பார். இரண்டும் நல்லெண்ணத்தில் செய்ததுதான்.

டிக்கெட் என்பது ஒரு புகாரின் கோப்பு. நீங்கள் ஒரு கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினாலும், போன் செய்தாலும், வாட்ஸ்அப்பில் கேட்டாலும், மறுமுனையில் ஒரு எண்ணோடு ஒரு டிக்கெட் திறக்கும். அதில் நீங்கள் எழுதியது இருக்கும், அனுப்பிய படங்கள் இருக்கும், பணியாளர் தனக்கும் சக ஊழியர்களுக்குமாக எழுதும் உள்குறிப்பும் இருக்கும். இந்த உள்குறிப்பை நீங்கள் பார்க்க முடியாது. உங்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது.

அந்தக் குறிப்புப் பெட்டிதான் ஒரு நிறுவனத்தில் பாதுகாப்பு மிகக் குறைந்த இடம். காரணம் எளிது. கைபேசி எண்ணுக்கு ஒரு கட்டம், முகவரிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைத்திருக்கும் இடங்களில் யார் பார்க்கலாம், எத்தனை எண் மறைய வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்று விதி வைக்கலாம். வைத்தும் இருப்பார்கள். குறிப்புப் பெட்டியோ எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்குள் இருப்பது ஆதார் எண்ணா ஆர்டர் எண்ணா என்று கணினிக்குத் தெரியாது. பிறகு அந்தக் குறிப்பு நிற்கிற இடத்தில் நிற்காது. குழுவில் உள்ள எல்லோருக்கும் அறிவிப்பு மின்னஞ்சலாகப் போகும், தேடல் பட்டியலில் ஏறும், மாதக் கணக்கெடுப்புக்காக எக்செல் தாளில் இறங்கும், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் நடத்தப் பெரிய திரையில் காட்டப்படும், வேலையை வெளியே கொடுத்திருந்தால் அந்த நிறுவனத்தின் கணினிக்கும் போய்ச் சேரும்.

இந்தியாவில் இதற்கு ஒரு தனி விசேஷம் உண்டு. 2022 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைகளும் செயலிகளும் தங்களிடம் சேமித்து வைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்தது. கார்டு தந்த வங்கியும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற வலையமைப்புகளும் மட்டுமே வைத்திருக்கலாம். கடையிடம் இருப்பது டோக்கன் எனப்படும் மாற்று எண். அதைத் திருடினாலும் வேறு கடையில் செலவழிக்க முடியாது. கணக்கு சரிபார்ப்பதற்காகக் கடைசி நாலு எண்ணையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. இதற்காக நிறுவனங்கள் தங்கள் தரவுத்தளங்களைத் துடைத்து எடுத்தன, மென்பொருளை மாற்றி எழுதின. அத்தனையும் செய்து முடித்த ஒரு கடையில், கஸ்டமர் கேர் பணியாளர் ஒருவர் பதினாறு எண்ணையும் டிக்கெட் குறிப்பில் தட்டிவிட்டால், வாசல் வழியே வெளியேற்றிய எண் பின்கட்டு வழியே உள்ளே வந்துவிடுகிறது. தணிக்கைக்கு வருகிறவர் தரவுத்தளத்தைப் பார்த்துத் திருப்தியோடு போய்விடவும் கூடும்.

ஒரு ரீஃபண்ட் புகாரையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இது கற்பனைதான், ஆனால் இந்த வேலை பார்ப்பவர்கள் யாருக்கும் புதிதாக இருக்காது. ஆன்லைனில் 3,480 ரூபாய்க்குப் புடவை வாங்கிய ஒரு பெண் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். பணம் அனுப்பியாகிவிட்டது என்கிறது கடை. கணக்கில் ஏறவில்லை என்கிறார் அவர். இரண்டு முறை போன் செய்தும் தீரவில்லை. மூன்றாவது முறை ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறார். அதில் டெபிட் கார்டின் முன்பக்கப் படம், பின்பக்கப் படம், ஆதார் நகல், கூடவே நாலு வரி: அம்மாவுக்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை, இந்தப் பணம் அவசரமாக வேண்டும். பணியாளர் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு இப்படிக் குறிப்பு எழுதுகிறார்:

"கார்டு எண் 4111 1111 1111 1111, காலாவதி 09/27, சிவிவி 123. ஆதார் எண், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் மெயிலில் உள்ளபடி கீழே கொடுத்திருக்கிறேன். ஓடிபி 482913 சொன்னார், சரியாக இருந்தது. அம்மாவுக்குப் புற்றுநோய் ஆபரேஷன், பணக் கஷ்டம், கோபமாகப் பேசுகிறார். ரீஃபண்ட் வரவில்லையாம், பார்க்கவும்."

(இந்தக் கார்டு எண் யாருடையதும் அல்ல. பணம் செலுத்தும் மென்பொருள்களைச் சோதிக்க உலகமெங்கும் பயன்படும் மாதிரி எண்.)

மேலோட்டமாகப் பார்த்தால் உழைத்து எழுதிய குறிப்பு. ஆனால் இதை வைத்துக்கொண்டு ரீஃபண்ட் பிரிவில் இருப்பவர் ஒன்றும் செய்ய முடியாது. பணம் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க அவருக்குக் கார்டு எண் தேவையில்லை. தேவைப்படுவது ஆர்டர் எண், ரீஃபண்ட் அனுப்பிய தேதி, தொகை, பிறகு ஒரு குறியெண். கார்டுக்குத் திரும்பும் பணம் என்றால் ஏஆர்என் என்று சொல்லப்படும் 23 இலக்க எண் ஒன்று இருக்கும். யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். இதைக் காட்டினால் வங்கியால் பணம் வந்ததா, எங்கே தங்கியது என்று தேடிச் சொல்ல முடியும். இந்த எண்ணைத் திருடி யாரும் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. வேலைக்கு உதவுவது இதுதான், அந்தக் குறிப்பில் இல்லாததும் இதுதான்.

அதே புகாருக்கு, தன் வேலை தெரிந்த ஒரு பணியாளர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்:

"ரூ.3,480 ரீஃபண்ட் கணக்கில் ஏறவில்லை என்று புகார். பதிவு செய்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பி அடையாளம் சரிபார்க்கப்பட்டது. கார்டின் கடைசி நாலு எண் ஆர்டரோடு பொருந்துகிறது. பேமென்ட் கேட்வேயில் ரீஃபண்ட் 6ஆம் தேதி முடிந்ததாகக் காட்டுகிறது. ஏஆர்என் எண்ணை வாடிக்கையாளருக்கு அனுப்பி, வங்கியிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவசரம் என்று கேட்டுக்கொண்டார். நாளை மதியம் மறுபடி அழைக்க வேண்டும். மெயிலில் வந்த கார்டு, ஆதார் படங்கள் நீக்கக் கோரப்பட்டுள்ளன."

இரண்டு குறிப்புக்கும் உள்ள வித்தியாசம் நீளத்தில் இல்லை. முதல் குறிப்பு தகவலை நகல் எடுக்கிறது. இரண்டாவது, என்ன செய்தேன், என்ன தெரிந்தது, அடுத்து என்ன என்று சொல்கிறது. தகவல் எங்கே பத்திரமாக இருக்கிறதோ அங்கேயே அதை விட்டுவிடுகிறது. ஆதாரைப் பார்த்துச் சரிபார்த்திருந்தால் 'சரிபார்த்தேன்' என்ற சொல் போதும், அந்தப் பன்னிரண்டு எண் வேண்டாம். பிறந்த தேதி கேட்டு, சொன்னது பொருந்தினால் 'பொருந்தியது' போதும், தேதி வேண்டாம்.

எதை ஒருபோதும் குறிப்பில் ஏற்றக் கூடாது என்பதில் முதலிடம் கார்டின் பின்பக்கத்து மூன்று எண்ணுக்கு. சிவிவி இருப்பதே, கார்டை நேரில் தேய்க்காமல் வாங்கும்போது கார்டு வாங்குபவர் கையில் இருக்கிறது என்று காட்டத்தான். வங்கி ஒப்புதல் தந்த நொடியோடு கடைக்கு அதன் வேலை முடிந்தது. ஆகவேதான் பிசிஐ டிஎஸ்எஸ் என்ற உலகளாவிய கார்டு பாதுகாப்பு விதி, ஒப்புதலுக்குப் பிறகு கடைகள் அதைச் சேமிக்கவே கூடாது என்கிறது. மறையாக்கம் செய்து பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொன்னாலும் ஏற்பதில்லை. கார்டின் காந்தப் பட்டையில் உள்ள முழுத் தகவலுக்கும் பின் எண்ணுக்கும் இதே தடை. முழுக் கார்டு எண் விஷயத்தில் அந்த விதி இவ்வளவு கறாராக இல்லை. இந்தியாவில் அந்த இடைவெளியை ரிசர்வ் வங்கி அடைத்துவிட்டது.

ஓடிபியைப் பற்றிப் பலருக்கும் ஒரு நினைப்பு உண்டு: சில நிமிடத்தில் காலாவதி ஆகிவிடும் எண்தானே, எழுதினால் என்ன? ஆபத்து அந்த எண்ணில் அல்ல, எழுதும் பழக்கத்தில் இருக்கிறது. ஓடிபியைக் குறிப்பில் எழுதும் இடத்தில் அதை வாயால் கேட்டு வாங்கும் வழக்கம் வேரூன்றிவிடும். வங்கிப் பணியாளர் போலப் பேசி ஓடிபி கேட்கும் மோசடிக்காரர்களுக்கு அந்த வழக்கம்தான் வசதி. சரியான ஏற்பாட்டில் பணியாளர் அந்த எண்ணைத் தன் திரையில் உள்ள கட்டத்தில் இடுவார் அல்லது வாடிக்கையாளரே தன் போனில் அழுத்துவார். 'சரி' என்றோ 'தவறு' என்றோ மட்டும் பதிவாகும். கடவுச்சொல்லுக்கும், 'உங்கள் முதல் பள்ளியின் பெயர்' போன்ற ரகசியக் கேள்விகளின் பதிலுக்கும் இதே கணக்கு. வாடிக்கையாளர் கடவுச்சொல்லை எழுதி அனுப்பிவிட்டால் அதை மாற்றச் சொல்வதும் அந்தப் பணியாளரின் வேலையில் சேர்ந்தது.

ஆதாரை மாற்ற முடியாது. கார்டு எண் வெளியே போனால் வங்கி வேறு கார்டு தரும். ஆதார் எண் ஆயுளுக்கும் ஒன்று. எனவே நகல் கட்டாயம் தேவைப்படும் இடத்திலும் முதல் எட்டு எண் மறைத்து கடைசி நாலு மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். எண்ணைத் தராமலே சரிபார்க்க 16 இலக்க மெய்நிகர் எண்ணும் உண்டு. புடவை ரீஃபண்டுக்கு இவை எதுவும் தேவையில்லை என்பதை முதலிலேயே சொல்லி நிறுத்துவது பணியாளரின் கடமை.

எண்களாக இல்லாத ஒன்றும் முதல் குறிப்பில் இருந்தது. அம்மாவின் நோய், பணக் கஷ்டம், கோபம். இதைத்தான் அதிகம் பேர் தவறாகவே நினைப்பதில்லை. சொல்லப்போனால் அக்கறையாக நினைக்கிறார்கள். இதன் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்த ஒன்று சரியான சான்று. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள் இல்லை, ஊழியர்கள். ஆனால் தவறு குறிப்பு எழுதியதுதான். நியூரம்பெர்க்கில் எச்&எம் ஆடை நிறுவனத்தின் சேவை மையத்தில், விடுமுறையோ மருத்துவ விடுப்போ முடிந்து வரும் ஊழியர்களோடு மேற்பார்வையாளர்கள் அமர்ந்து நலம் விசாரித்தார்கள். பிறகு விடுமுறையில் என்ன செய்தார்கள், என்ன நோய், குடும்பத்தில் என்ன சிக்கல் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். ஐம்பது மேலாளர்கள் வரை அதைப் படிக்க முடிந்தது. 2019 அக்டோபரில் ஒரு அமைப்புப் பிழையால் அந்தக் கோப்புகள் சில மணி நேரம் நிறுவனம் முழுக்கத் திறந்து கிடந்தன. அப்போதுதான் ஊழியர்களுக்கே விஷயம் தெரிந்தது. மறுவருடம் ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.53 கோடி யூரோ அபராதம் போட்டது. அங்கே யாரும் வெளியிலிருந்து வந்து எதையும் திருடவில்லை. எழுத வேண்டாததை எழுதியதற்கே அந்த அபராதம்.

அப்படியானால் அந்தப் பெண்ணின் அவசரத்தைக் குறிப்பில் சொல்லவே கூடாதா? சொல்ல வேண்டும். 'அவசரம், நாளை மதியத்துக்குள் பதில்' என்று சொன்னால் அடுத்தவர் என்ன செய்ய வேண்டுமோ அது வந்துவிடுகிறது. காரணம் அவரிடமே இருக்கட்டும். 'கோபக்காரர்' என்று எழுதுவது இன்னும் மோசம். அதைப் படித்துவிட்டுப் பேசும் அடுத்த பணியாளரின் குரல் முதல் வார்த்தையிலேயே மாறிவிடும். ஐரோப்பாவில் ஒருவர் தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டு வாங்கும்போது இத்தகைய உள்குறிப்புகளும் அவர் கைக்கு வரும். அந்த எண்ணத்தோடு எழுதினாலே பாதிச் சொற்கள் தாமாக நின்றுவிடும்.

எழுதுவதைக் கட்டுப்படுத்தலாம். இணைப்பாக வருவதை என்ன செய்வது? 2023 அக்டோபரில் ஆக்டா என்ற நிறுவனத்துக்கு வந்த சோதனை இதில்தான். மற்ற நிறுவனங்களின் ஊழியர்கள் கணினிக்குள் நுழையும் வாசலைக் காப்பது ஆக்டாவின் தொழில். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால், பிரவுசரில் நடந்ததை முழுவதும் பதிவு செய்யும் ஹார் என்ற கோப்பை எடுத்து அனுப்பச் சொல்வார்கள். பிழையைக் கண்டுபிடிக்க மிகவும் உதவும் கோப்பு அது. ஆனால் அந்த நேரத்தில் அந்த ஊழியர் உள்ளே நுழைந்திருந்ததற்கான அடையாளச் சீட்டும் அதற்குள்ளேயே இருக்கும். அதை எடுத்துத் தன் பிரவுசரில் பொருத்துபவர் கடவுச்சொல் இல்லாமலேயே அந்த ஊழியராக உள்ளே போகலாம். ஆக்டாவின் டிக்கெட் அமைப்புக்குள் புகுந்தவர்கள் 134 வாடிக்கையாளர் நிறுவனங்களின் கோப்புகளைத் தொட்டார்கள். அவற்றில் கிடைத்த சீட்டுகளை வைத்து ஐந்து நிறுவனங்களின் கணக்குகளுக்குள் போனார்கள். அவற்றில் ஒன்று கிளவுட்ஃபிளேர். அதன் பிறகு அந்நிறுவனம், ஹார் கோப்பிலிருந்து இத்தகைய சீட்டுகளை அகற்றும் கருவி ஒன்றைச் செய்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. அனுப்பும் முன்பே அகற்றிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம்; வந்த பிறகு அகற்றுவது எப்போதும் கடினம்.

எவ்வளவு கடினம் என்பதை அந்தப் புடவை டிக்கெட்டிலேயே பார்க்கலாம். தவறை உணர்ந்த பணியாளர் என்ன செய்வார்? குறிப்பைத் திருத்தி எண்ணை அழிப்பார். திரையில் போய்விடும். ஆனால் ஜிரா போன்ற மென்பொருள்களில் விவரப் பகுதியைத் திருத்தினால் பழைய வாசகம் வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே நிற்கும். ஜென்டெஸ்க்கில் பதிவிட்ட கருத்தைத் திருத்தவே முடியாது. குறிப்பிட்ட சொற்களை நிரந்தரமாகக் கருப்படிக்கும் வசதி தனியாக உண்டு, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். இதற்குள் அறிவிப்பு மின்னஞ்சல்கள் போய்விட்டிருக்கும். அந்தப் படங்கள் வந்த மூல மின்னஞ்சல் பொதுப் பெட்டியில் கிடக்கும். பணியாளர் படத்தைத் திறந்து பார்த்திருந்தால் அவர் கணினியின் டவுன்லோட்ஸ் மடிப்பில் ஒரு நகல் இருக்கும். அன்றிரவு எடுத்த காப்பு நகலிலும் ஒன்று. எனவே ஒழுங்கான வரிசை இது: முதலில் பொறுப்பாளரிடம் சொல்வது, பிறகு கருப்படிப்பது, இணைப்பை டிக்கெட்டிலிருந்தும் அஞ்சல் பெட்டியிலிருந்தும் தன் கணினியிலிருந்தும் நீக்குவது, சிவிவி வெளிப்பட்டிருந்தால் கார்டை முடக்கி மாற்றிக்கொள்ளும்படி வாடிக்கையாளரிடம் நேராகச் சொல்வது. பொறுப்பாளரிடம் சொல்லும்போது எண்ணை மறுபடி எழுதி அனுப்பக் கூடாது, டிக்கெட் எண் போதும். அவசரத்தில் பலர் இங்கேதான் இன்னொரு நகலை உண்டாக்குகிறார்கள்.

பதிலளிக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதியதற்குக் கீழே பதில் எழுதி அனுப்பினால், அவர் கொடுத்த கார்டு எண் பதிலோடு சேர்ந்து இன்னொரு முறை பயணம் போகும். பழைய வாசகத்தை அழித்துவிட்டு அனுப்புவதற்குச் சில நொடிகள்தான் ஆகும்.

போனில் நிலைமை வேறு. அங்கே குறிப்பு எழுதும் முன்பே குரல் பதிவாகிவிடுகிறது. கார்டு எண்ணை வாங்கியே ஆக வேண்டிய இடங்களில் அந்தச் சில நொடிகள் பதிவை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு செய்வார்கள். அல்லது வாடிக்கையாளர் தன் போனிலேயே எண்ணை அழுத்த, பணியாளர் காதுக்கு ஒரே மாதிரி ஒலி மட்டும் கேட்கும். ரீஃபண்ட் போன்ற வேலையில் எண்ணே வேண்டியதில்லை என்பதால் கைவசம் இருக்கும் கருவி பேச்சுதான்.

"சொல்றேன் எழுதிக்கோங்க, நாலு ஒண்ணு ஒண்ணு..."

"மேடம், ஒரு நிமிஷம். கார்டு நம்பர் முழுசா சொல்ல வேண்டாம். கடைசி நாலு நம்பர் மட்டும் சொன்னா போதும்."

"நேத்து பேசினவர் முழுசா கேட்டாரே?"

"அவர் யார்னு நான் விசாரிக்கிறேன் மேடம். எங்க பக்கத்துல யாரும் முழு நம்பரோ, பின்னாடி இருக்கிற மூணு நம்பரோ கேக்கக் கூடாது. நீங்க அதைச் சொல்லியிருந்தா, முதல்ல பேங்க்குக்குப் போன் பண்ணி கார்டை பிளாக் பண்ணிடுங்க."

இடைமறித்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த ஓரிடத்தில் இடைமறிப்பதுதான் மரியாதை.

நிறுவனங்கள் மனிதர்களின் நினைவை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. குறிப்பில் கார்டு எண் போன்ற ஒன்று விழுந்ததும் கண்டுபிடித்து மறைக்கும் மென்பொருள்கள் உண்டு. அவை செய்யும் கணக்கும் எளிதானது. கார்டு எண்ணில் வலப்பக்கத்திலிருந்து இரண்டாவது, நாலாவது என்று ஒன்று விட்டு ஒன்றை இரட்டிப்பாக்க வேண்டும். இரட்டித்து ஒன்பதைத் தாண்டினால் ஒன்பதைக் கழிக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விடை பத்தால் மீதியின்றி வகுபட்டால் அது கார்டு எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டு. மேலே சொன்ன மாதிரி எண்ணில் இரட்டிப்பாகும் நாலு எட்டாகிறது, ஏழு ஒன்றுகள் பதினாலாகின்றன, இரட்டிப்பாகாத எட்டு ஒன்றுகள் எட்டு, மொத்தம் 30. பொருந்துகிறது.

ஆனால் இந்தச் சல்லடைக்கும் ஓட்டைகள் உண்டு. எண்ணைச் சொற்களாக எழுதினால் பிடிபடாது. படத்துக்குள் இருப்பது பிடிபடாது. யுபிஐ பரிவர்த்தனை எண்ணுக்கும் ஆதாருக்கும் 12 இலக்கம்தான் என்பதால், ஆதாரின் கடைசி இலக்கத்துக்கான சரிபார்ப்புக் கணக்கைப் போடாத மென்பொருள், வேலைக்குத் தேவையான பரிவர்த்தனை எண்ணையே மறைத்துவிடும். இரண்டு முறை அப்படி நடந்தால் எரிச்சலில் யாராவது அந்த மென்பொருளை அணைத்து வைத்துவிடுவார்கள். நோயைப் பற்றிய வாக்கியத்தைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அங்கே எழுதுகிறவரின் விவேகம் மட்டுமே காவல்.

மறைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நிறுவனம், அமெரிக்காவுக்கு வெளியே இருந்த தன் சேவைப் பணியாளர்கள் சிலர் லஞ்சம் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் விவரங்களை எடுத்துக் கொடுத்ததாக அறிவித்தது. கடவுச்சொற்கள் போகவில்லை. அடையாள எண்ணில் கடைசி நாலு, மறைக்கப்பட்ட வங்கிக் கணக்கு எண், பெயர், முகவரி, போன் எண் ஆகியவை போயின. சிலரின் அடையாள அட்டைப் படங்களும் போயின. 'உங்கள் எண்ணின் கடைசி நாலு இது, சரிதானே?' என்று ஒருவர் போனில் ஆரம்பித்தால் நம்பாதவர்கள் குறைவு. காயின்பேஸ் ஊழியர் போலப் பேசி ஏமாற்றத்தான் அந்த விவரங்கள் வாங்கப்பட்டன. அதனால் கடைசி நாலு எண்ணையும் தேவைப்படும் ஆர்டருக்குத் தேவைப்படும் இடத்தில் மட்டும் வைத்துக்கொள்வதே முறை. எல்லாக் குறிப்பிலும் சடங்கு போல எழுதி வைக்கக் கூடாது.

இந்தியச் சட்டமும் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; பெரும்பாலான கடமைகளை நிறைவேற்ற 18 மாத அவகாசம் தரப்பட்டது. தகுந்த பாதுகாப்பு செய்யாமல் தகவல் கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் தரவுத்தளம், குறிப்பு என்று பிரித்துப் பேசவில்லை. டிஜிட்டல் வடிவில் இருக்கும் தனிநபர் தகவல் எதுவானாலும் அதற்கு உட்பட்டதே. வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் பொறுப்பு கொடுத்த நிறுவனத்தின் தலையில்தான்.

வாடிக்கையாளராக நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. பணம் திரும்பவில்லை என்று புகார் செய்யும்போது ஆர்டர் எண்ணையும், கழிக்கப்பட்ட தொகையையும் தேதியையும் மட்டும் அனுப்புங்கள். ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் கார்டுக்கு ஏஆர்என், யுபிஐக்குப் பரிவர்த்தனை எண் கேட்டு வாங்குங்கள்; வங்கிக்குப் போகும்போது அதுதான் உதவும். கார்டின் பின்பக்கப் படத்தை யார் கேட்டாலும், எந்தக் காரணம் சொன்னாலும், அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அந்த டிக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, படத்தை நீக்கிவிட்டதாக எழுத்தில் பதில் கேளுங்கள், கார்டையும் மாற்றிக்கொள்ளுங்கள்.